பயர்வால் படத்தை வாக்கியமாக்கிய நான்கு நாட்கள்

ஒரு சின்ன தணிக்கை அலுவலகம். பதினெட்டு கணினிகள், இரண்டு சர்வர்கள், வாசலிலும் வராந்தாவிலும் கேமராக்கள், வருகிறவர்களுக்கு ஒரு கெஸ்ட் வைஃபை. இதுவரை நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார், அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் வேலையே கொஞ்சம் வினோதமானது. அலுவலகத்தின் வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று, "எங்கள் கணக்கு விவரங்கள் இருக்கும் சர்வரை எந்தெந்தக் கணினிகள் தொட முடியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தது.

ஆடிட்டர் சார் என்னிடம் நான்கு ஸ்கிரீன்ஷாட்களை நீட்டினார். பழைய ஆள் போகும்போது மெயிலில் வைத்துவிட்டுப் போன பயர்வால் படங்கள். "இதைத்தான் அனுப்பலாம்னு பார்த்தேன் தம்பி. ஆனா எனக்கே ஒண்ணும் புரியலை. புரியற மாதிரி நாலு வரியில எழுதிக் குடுங்க." பயர்வாலின் பாஸ்வேர்ட் ஒரு உறையில் அவர் வீட்டு லாக்கரில் இருந்தது. வீட்டார் ஊரிலிருந்து திரும்புவது சனிக்கிழமை. அன்று புதன். ஆக, மூன்று நாள் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுத வேண்டியிருந்தது.

பயர்வால் பிஎஃப்சென்ஸ். ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு டேப், ஒவ்வொரு டேபிலும் ஒரு விதி அட்டவணை. இங்கே OFFICE (192.168.10.0/24), CAMERA (192.168.20.0/24), SERVER (192.168.30.0/24), GUEST (192.168.40.0/24) என்று நான்கு உள் நெட்வொர்க்குகள், வெளியே WAN. படங்கள் OFFICE, GUEST, CAMERA, WAN ஆகிய நான்கு டேப்களுக்கும் இருந்தன. SERVER டேபுக்குப் படம் இல்லை. அதை முதலிலேயே ஒரு தாளில் குறித்து வைத்தேன். அந்தத் தாளின் தலைப்பு: "படத்தில் தெரியாதவை".

முதலில் படத்தை எழுத்தாக மாற்ற டெசராக்ட்டில் ஓட்டிப் பார்த்தேன்.

```
tesseract office.png office --psm 6 -l eng
```

எழுத்துகள் ஓரளவு சரியாகவே வந்தன. வராமல் போனவைதான் முக்கியமானவை. ஒரு விதி அனுமதிக்கிறதா தடுக்கிறதா என்பதை பிஎஃப்சென்ஸ் எழுத்தில் சொல்வதில்லை. வரிசையின் தொடக்கத்தில் பச்சை டிக் இருந்தால் அனுமதி, சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் தடை. அந்தக் குறிகள் மொத்தமாகக் காணாமல் போயின. "எல்லாம்" என்ற பொருளில் வரும் `*` சில இடங்களில் விழுந்துவிட்டது, அதனால் அந்த வரிசைகளின் கட்டங்கள் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டன. ஏழாவது வரிசையில் `! CAMERA net` என்று இருந்தது `| CAMERA net` ஆகியிருந்தது. அந்த ஒரு ஆச்சரியக்குறி "கேமரா நெட்வொர்க்கைத் தவிர மற்ற எல்லாம்" என்று பொருள் தருவது. அதைக் கோடு என்று நினைத்து அழித்திருந்தால் வாக்கியம் நேர் எதிராகப் போயிருக்கும்.

சரி, பதினைந்து வரிசைக்குள் அடங்குகிற விஷயம் என்று கையாலேயே தட்டச்சு செய்தேன். படத்தை இருநூறு சதவீதம் பெரிதாக்கி, ஒரு ஸ்கேலை திரையில் வைத்து, வரிசை வரிசையாக. மூல போர்ட், கேட்வே மாதிரி எல்லா வரிசையிலும் `*` ஆகவே இருந்த பத்திகளை விட்டுவிட்டேன். OFFICE டேப் இப்படி வந்தது:

```
1 pass  *            *           OFFICE Address 443,80 Anti-Lockout Rule
2 pass  IPv4 TCP/UDP OFFICE net  OFFICE address 53     DNS
3 pass  IPv4 TCP     OFFICE net  192.168.30.10  445    File server
4 pass  IPv4 TCP     ADMIN_PC    192.168.30.10  3389   RDP
5 block IPv4 *       OFFICE net  SERVER net     *      No server
6 pass  IPv4 TCP     ACCOUNTS_PC 192.168.30.20  3306   Accounts DB
7 pass  IPv4 *       OFFICE net  ! CAMERA net   *      Internet
```

GUEST டேப் இப்படி:

```
1 pass  IPv4 TCP/UDP GUEST net   GUEST address  53     DNS
2 block IPv4 *       GUEST net   PRIVATE_NETS   *      No local
3 pass  IPv4 *       GUEST net   *              *      Internet
```

CAMERA டேபில் ஒரே ஒரு வரிசை: கேமராக்கள் வெளியே போய் நேரம் வாங்கிக்கொள்ளலாம் (போர்ட் 123). அதை நான் முதலில் அனுமதி என்றே எழுதினேன். பிறகு பார்த்தால் அந்த வரிசை மட்டும் மற்றவற்றைவிட லேசாக வெளுத்திருந்தது. பிஎஃப்சென்ஸில் முடக்கி வைத்த விதி அட்டவணையில் அப்படியேதான் இருக்கும், நிறம் மட்டும் மங்கும். படத்தில் அது உண்மையான மங்கலா, படம் சுருங்கியதால் வந்த மங்கலா என்று சொல்ல முடியவில்லை. எழுந்து போய் கேமரா ரெக்கார்டர் திரையைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் 11:40. ரெக்கார்டர் 11:29. நேரம் வாங்க வழி இல்லாமல் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. முடக்கிய விதிதான் என்று முடிவு செய்தேன்.

அதனால் கேமரா நெட்வொர்க்குக்கு உயிருள்ள விதி ஒன்றும் இல்லை. பிஎஃப்சென்ஸில் எந்த விதியிலும் பொருந்தாத தொடர்பு தடுக்கப்படும், அட்டவணையில் எழுதாத கடைசி வரி அதுதான். "கேமராக்கள் தாமாக எந்த வேறு நெட்வொர்க்குடனும் தொடர்பைத் தொடங்க முடியாது" என்று எழுதினேன். "தாமாக" என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். வேறு நெட்வொர்க்கிலிருந்து யாராவது கேமராவைக் கூப்பிட அனுமதி இருந்தால், கேமராவின் பதில் அதே தொடர்பிலேயே திரும்பிப் போகும். அதற்குத் தனி விதி வேண்டியதில்லை. கேட்டால் பதில் சொல்லும், தானாகப் பேச்சைத் தொடங்காது.

வரிசைக்கு ஒரு வாக்கியம் என்று எழுதியது

அன்று மாலை நான் செய்த தவறு, எல்லோரும் முதலில் செய்கிற தவறுதான். வரிசைக்கு ஒரு வாக்கியம் எழுதினேன். "அலுவலகக் கணினிகள் கோப்பு சர்வரை அணுகலாம். நிர்வாகக் கணினி கோப்பு சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பை அணுகலாம். அலுவலகக் கணினிகள் சர்வர்களை அணுக முடியாது. கணக்குப் பிரிவுக் கணினி டேட்டாபேஸ் சர்வரை அணுகலாம்..." ஏழு வரிசை, ஏழு வாக்கியம். படித்துப் பார்த்தால் மூன்றாவது வாக்கியம் முதல் வாக்கியத்தை மறுக்கிறது, நான்காவது மூன்றாவதை மறுக்கிறது. ஆடிட்டர் சாரிடம் இதைக் கொடுத்திருந்தால் படத்தையே அனுப்பியிருக்கலாமே என்று கேட்டிருப்பார்.

பிஎஃப்சென்ஸ் ஒரு டேபின் விதிகளை மேலிருந்து கீழே பார்க்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு, அதற்குக் கீழே இருப்பதைப் படிக்கவே செய்யாது. எனவே ஒரு வரிசைக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. அதன் அர்த்தம் மேலே இருக்கும் எல்லா வரிசைகளையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான். ஐந்தாவது வரிசையை "சர்வர்களை அணுக முடியாது" என்று படிக்கக் கூடாது. "மூன்று, நான்கில் சொன்னதைத் தவிர, சர்வர் நெட்வொர்க்கில் வேறு எதையும் அணுக முடியாது" என்று படிக்க வேண்டும்.

அதனால் வியாழக்கிழமை காலை முறையை மாற்றினேன். வரிசையிலிருந்து தொடங்காமல் ஜோடியிலிருந்து தொடங்கினேன். இடப்பக்கம் கணினிக் குழுக்கள்: நிர்வாகக் கணினி, கணக்குப் பிரிவுக் கணினி, மற்ற அலுவலகக் கணினிகள், கெஸ்ட் போன்கள், கேமராக்கள். மேலே சேவைகள்: கோப்புப் பகிர்வு, ரிமோட் டெஸ்க்டாப், டேட்டாபேஸ், கேமரா ரெக்கார்டர், பயர்வாலின் நிர்வாகப் பக்கம், இணையம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்டவணையின் உச்சியிலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வந்து, முதலில் பொருந்தும் வரிசை எண்ணைக் கட்டத்தில் எழுதினேன்.

கணக்குப் பிரிவுக் கணினி, டேட்டாபேஸ் என்ற கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போக வேண்டிய இடம் 192.168.30.20, போர்ட் 3306. ஒன்றும் இரண்டும் பயர்வாலின் சொந்த முகவரிக்கானவை, பொருந்தாது. மூன்றும் நான்கும் வேறு சர்வருக்கானவை. ஐந்து: அலுவலக நெட்வொர்க்கிலிருந்து சர்வர் நெட்வொர்க்குக்கு எதுவானாலும். பொருந்துகிறது. தடை. விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஆறாவது வரிசையில் "Accounts DB" என்று பளிச்சென்று பச்சை டிக் இருந்தாலும் அது வரை எதுவும் போய்ச் சேராது.

படத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருந்தது. அட்டவணையில் States என்று ஒரு பத்தி இருக்கிறது. அந்த விதி வழியாக இப்போது எத்தனை தொடர்புகள் இருக்கின்றன, எவ்வளவு டேட்டா போயிருக்கிறது என்று காட்டும். ஆறாவது வரிசையில் `0/0 B`. ஒரு பைட் கூடப் போகவில்லை. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி, போலீஸ்காரருக்குக் கைரேகை கிடைத்த மாதிரி. "கணக்குப் பிரிவுக் கணினி டேட்டாபேஸ் சர்வரை அணுக முடியாது. அதற்கான விதி இருக்கிறது, ஆனால் தடைக்குக் கீழே இருப்பதால் வேலை செய்யாது" என்று தெளிவாக எழுதினேன்.

மட்டும், தவிர

வாக்கியமாக்கும்போது தமிழில் ஒரு வசதி, ஒரு ஆபத்து. வசதி என்னவென்றால், அட்டவணை தீர்ப்பை முதலில் வைக்கிறது, தமிழ் வாக்கியம் கடைசியில் வைக்கிறது. யார், எங்கே, எந்தச் சேவை என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் "முடியும்" அல்லது "முடியாது" வரும். படிக்கிறவர் முழுவதையும் படித்துத்தான் தீர வேண்டும்.

ஆபத்து "மட்டும்" என்ற சொல். நான் எழுதியிருந்த ஒரு வாக்கியம்: "நிர்வாகக் கணினி மட்டும் கோப்பு சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பை அணுகலாம்." நான்காவது வரிசையைப் பார்த்து எழுதியது. ஆனால் நான்காவது வரிசை "மட்டும்" என்று சொல்லவே இல்லை. அது "நிர்வாகக் கணினி அணுகலாம்" என்று மட்டுமே சொல்கிறது. "மட்டும்" என்று சொல்ல வேண்டுமானால் மற்ற எல்லாக் குழுக்களும் அதே கட்டத்தில் தடுக்கப்படுகின்றன என்று பார்த்திருக்க வேண்டும். அதாவது "மட்டும்" என்பது ஒரு வரிசையின் செய்தி ஆகாது, அது முழு நெடுக்குப் பத்தியின் செய்தி. இடம் மாறினாலும் பொருள் மாறும். "நிர்வாகக் கணினி ரிமோட் டெஸ்க்டாப்பை மட்டும் அணுகலாம்" என்றால் அது வேறு பேச்சு, அதுவும் பொய், ஏனென்றால் அந்தக் கணினிக்குக் கோப்புப் பகிர்வும் உண்டு. முடிவாக ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: நெடுக்குப் பத்தி முழுவதையும் சரிபார்க்கும் வரை "மட்டும்" எழுதுவதில்லை.

ஏழாவது வரிசையில் "தவிர" தன் வேலையைக் காட்டியது. விளக்கக் கட்டத்தில் "Internet" என்று இருக்கிறது. எழுதியவர் மனதில் இணையம்தான் இருந்திருக்கும். விதி சொல்வதோ: "அலுவலகக் கணினிகள் கேமரா நெட்வொர்க்கைத் தவிர எங்கே வேண்டுமானாலும் போகலாம்." இணையமும் அதில் அடக்கம், கெஸ்ட் நெட்வொர்க்கும் அடக்கம். விளக்கக் கட்டத்தை வாக்கியத்துக்குள் சேர்க்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. அது எழுதியவரின் எண்ணம். பயர்வால் அதைப் படிப்பதே இல்லை.

GUEST டேபில் இரண்டாவது வரிசை வேறு மாதிரி இடக்கு. `PRIVATE_NETS` என்பது ஏலியாஸ், அதாவது ஒரு முகவரிப் பட்டியலுக்கு வைத்த பெயர். அட்டவணை பெயரைத்தான் காட்டும். சுட்டியை அதன் மேல் கொண்டுபோனால் உள்ளே இருப்பது தெரியும், படத்தில் சுட்டியைக் கொண்டுபோக முடியாது. பெயரைப் பார்த்தால் எல்லாத் தனியார் முகவரிகளும் உள்ளே இருக்கும் என்று தோன்றுகிறது. தோன்றுவதை வாக்கியமாக்கக் கூடாது. அதனால் எழுதியது: "கெஸ்ட் வைஃபையில் இருப்பவர்கள் PRIVATE_NETS பட்டியலில் உள்ள முகவரிகளை அணுக முடியாது, அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று இன்னும் பார்க்கவில்லை." அழகில்லாத வாக்கியம்தான். ஆனால் பொய் இல்லை. ஏலியாஸ் பெயர்கள் மூன்றும் "படத்தில் தெரியாதவை" தாளுக்குப் போயின.

"வருதே தம்பி"

வெள்ளிக்கிழமை, எழுதிய வாக்கியங்களை நேரில் ஒத்துப்பார்க்கலாம் என்று கணக்குப் பிரிவுக்குப் போனேன். அங்கே பல வருடமாக இருக்கும் அக்காவிடம், "டேட்டாபேஸ் சர்வருக்கு இங்கிருந்து போக முடியாதாமே, எப்படி என்ட்ரி போடறீங்க?" என்று கேட்டேன்.

"வருதே தம்பி. காலையில இருந்து போட்டுட்டுத்தானே இருக்கேன்."

திரையில் கணக்கு மென்பொருள் திறந்திருந்தது, வவுச்சர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பவர்ஷெல்லில் அடித்தேன்.

```
Test-NetConnection 192.168.30.20 -Port 3306
TcpTestSucceeded : True
```

அதே சர்வருக்கு `ping` அடித்தால் பதில் இல்லை. பிங் வரவில்லை என்பதால் சேவையும் வராது என்று நினைத்தால் அதோடு ஏமாந்திருப்பேன். பிங் ஐசிஎம்பி வழியாகப் போவது, டேட்டாபேஸ் டிசிபி வழியாகப் போவது. ஐந்தாவது வரிசை பிங்கைத் தடுக்கிறது. அது சரியாகவே வேலை செய்கிறது. 3306 மட்டும் எங்கேயோ ஓட்டை வழியாகப் போகிறது.

என் திருத்தமான வாக்கியம் பொய். கைரேகையும் தப்பு. எங்கே தவறினேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தக் கணினியில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு இருந்து, அது நேராக சர்வர் சுவிட்சில் செருகியிருந்தால் பயர்வாலுக்கு இந்தத் தொடர்பு தெரியவே தெரியாது; ஒரே நெட்வொர்க்குக்குள் நடக்கிற பேச்சு சுவிட்சோடு முடிந்துவிடும். `ipconfig` பார்த்தேன். ஒரே கார்டு, 192.168.10.34, கேட்வே 192.168.10.1. பயர்வால் வழியாகத்தான் போகிறது. படம் பழையதாக இருந்து விதிகளை அதற்குப் பிறகு மாற்றியிருக்கலாமா? இருக்கலாம். அதைச் சனிக்கிழமைதான் பார்க்க முடியும். மூன்றாவதாக ஒன்று மிஞ்சியது. அதை நினைத்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். பிஎஃப்சென்ஸில் எந்த ஒரு நெட்வொர்க்கின் டேபிலும் வராத விதிகளுக்கென்று Floating என்று ஒரு தனி டேப் உண்டு. அவற்றைத்தான் முதலில் பார்க்கும். அந்த டேபின் படம் என்னிடம் இல்லை. இல்லை என்பதைத் தாளில் குறிக்கவும் இல்லை. SERVER டேபைக் குறித்தவன் இதை விட்டுவிட்டேன்.

Quick என்ற பெட்டியில் டிக் போட்ட ஃப்ளோட்டிங் விதி பொருந்தினால் அதோடு தீர்ப்பு முடிந்தது. OFFICE டேபுக்கு வரவே வராது. அப்படியானால் ஆறாவது வரிசையில் `0/0 B` இருந்ததற்கும் அதுவே காரணமாகலாம். ஐந்தாவது வரிசை மறித்தாலும் பூஜ்யம், ஃப்ளோட்டிங் விதி முன்னாலேயே எடுத்துக்கொண்டாலும் பூஜ்யம். அந்த எண், விதி பயன்படவில்லை என்பதற்குச் சாட்சி. தொடர்பு நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி இல்லை. இரண்டையும் நான் ஒன்றாகக் கட்டிவிட்டிருந்தேன்.

உறை திறந்தது

சனிக்கிழமை மதியம் பாஸ்வேர்ட் வந்தது. முதலில் திறந்தது Floating டேபைத்தான். ஒரே ஒரு விதி. விளக்கம்: "temp". பென்சில் குறியை அழுத்தி உள்ளே போனேன். அனுமதி, Quick டிக் போட்டிருக்கிறது, டிசிபி, போகும் இடம் 192.168.30.20, போர்ட் 3306. யாரிடமிருந்து என்ற இடத்தில் any. எந்த நெட்வொர்க் என்ற இடத்தில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஃப்ளோட்டிங் விதியில் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் எல்லா நெட்வொர்க்குகளும் என்று பொருள்.

கதை புரிந்துவிட்டது. ஆறாவது விதியைக் கீழே போட்டார், வேலை செய்யவில்லை. ஏன் என்று தேட நேரமில்லை. அக்கா என்ட்ரி போட வேண்டும். தற்காலிகமாக என்று ஒரு விதியைப் போட்டார், வேலை செய்தது, மறந்துவிட்டார். நானும் இப்படிப் போட்டிருக்கிறேன், அதனால் அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் வாக்கியம் என்ன ஆகிறது பாருங்கள். புதன்கிழமை எழுதியது: "கணக்குப் பிரிவுக் கணினி டேட்டாபேஸை அணுகலாம்." வியாழக்கிழமை: "கணக்குப் பிரிவுக் கணினி டேட்டாபேஸை அணுக முடியாது." சனிக்கிழமை: "இந்த அலுவலகத்தின் எந்த நெட்வொர்க்கில் இருக்கும் எந்தக் கருவியும், கெஸ்ட் வைஃபையில் இருக்கும் போன் உட்பட, டேட்டாபேஸ் சர்வரின் 3306 போர்ட் வரை போகலாம்." வாடிக்கையாளர் நிறுவனம் கேட்ட கேள்விக்கு இதுதான் நேர் பதில். இணையத்திலிருந்து நேராக வர முடியாது. WAN டேபில் தானாக வரும் தடைகள் இரண்டைத் தவிர ஒன்றும் இல்லை, 192.168.30.20 என்பது வெளியிலிருந்து கூப்பிடக்கூடிய முகவரியும் இல்லை, போர்ட் ஃபார்வர்டும் கிடையாது. என் போனை கெஸ்ட் வைஃபையில் இணைத்து, ஒரு நெட்வொர்க் செயலியில் அந்த போர்ட்டைத் தட்டிப் பார்த்தேன். திறந்தது. "வரை போகலாம்" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. கதவு வரைதான். உள்ளே போக டேட்டாபேஸின் பாஸ்வேர்ட் வேண்டும். "படிக்கலாம்" என்று எழுதியிருந்தால் ஆடிட்டர் சாருக்குத் தேவையில்லாத பதற்றம்.

அடுத்தது ஏலியாஸ். உள்ளடக்கத்தை Firewall மெனுவில் Aliases பக்கத்திலேயே பார்க்கலாம். இப்போது உண்மையில் இயங்குவது என்ன என்று பார்க்க Diagnostics மெனுவில் Command Prompt திறந்து அடித்தேன்:

```
pfctl -t PRIVATE_NETS -T show
```

வந்தவை இரண்டே வரி: 192.168.10.0/24, 192.168.30.0/24. அலுவலகம் இருக்கிறது, சர்வர் இருக்கிறது. கேமரா நெட்வொர்க் இல்லை. கேமராக்கள் பிறகு வந்தவை. வந்தபோது யாரும் பட்டியலைத் தொடவில்லை. அதாவது, தன் அலுவலகக் கணினியிலிருந்து கேமராவைப் பார்க்க முடியாத ஊழியர், போனை கெஸ்ட் வைஃபைக்கு மாற்றினால் ரெக்கார்டர் வரை போகலாம். இரண்டாவது ஓட்டை இன்னும் சத்தமில்லாதது: 192.168.40.1, அதாவது கெஸ்ட் பக்கத்தில் பயர்வாலின் சொந்த முகவரி, அந்தப் பட்டியலில் இல்லை. போன் பிரவுசரில் அடித்தேன். பயர்வாலின் லாகின் பக்கம் சாவகாசமாகத் திறந்தது.

ஏழாவது வரிசையை நினைத்துக்கொண்டு மற்ற கட்டங்களையும் மறுபடி பார்த்தேன். SERVER டேபில் ஒரே விதி, சர்வர்கள் அப்டேட்டுக்காக வெளியே போகலாம் என்று. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. `ADMIN_PC` ஏலியாஸில் ஒரே முகவரி, ஆடிட்டர் சாரின் கணினி. அந்த நெடுக்குப் பத்தி முழுவதும் தடை என்று பார்த்த பிறகு ரிமோட் டெஸ்க்டாப் வாக்கியத்துக்கு "மட்டும்" போட்டேன். மொத்தப் பக்கத்திலும் அந்தச் சொல் வந்த ஒரே இடம் அது.

பிறகு, உள்ளபடி எழுதிய பக்கத்தை ஆடிட்டர் சாரிடம் கொடுத்தேன். பதினொரு வாக்கியங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் அது எந்த டேபின் எத்தனையாவது விதியால் வருகிறது, நேரில் சோதித்ததா இல்லையா என்று சிறிய எழுத்தில். மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தவர், கெஸ்ட் வைஃபை வாக்கியத்தில் விரலை வைத்தார்.

"இது எத்தனை நாளா இருக்கு தம்பி?"

விதியைத் திருத்தும் பக்கத்தின் அடியில் உருவாக்கிய தேதி இருக்கும். காட்டினேன். இரண்டு வருடம் ஏழு மாதம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "இப்பவே சரி பண்ணிடுங்க, பண்ணின அப்புறம் எழுதினதைத்தான் அனுப்பணும்" என்றார்.

ஆறாவது விதியை இழுத்து ஐந்துக்கு மேலே வைத்தேன். PRIVATE_NETS பட்டியலை 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 என்று மாற்றினேன்; இனி எந்த நெட்வொர்க் புதிதாக வந்தாலும் அதற்குள்தான் இருக்கும். பயர்வாலின் வெளி முகவரி அந்தப் பட்டியலில் அடங்காது என்பதால், கெஸ்ட் டேபில் டிஎன்எஸ் விதிக்கு அடுத்ததாக This Firewall என்ற இடத்துக்கு ஒரு தடையும் போட்டேன். கடைசியாக "temp" விதியை முடக்கினேன். அழிக்கவில்லை, ஒரு வாரம் போகட்டும் என்று. Apply Changes.

சோதிக்கலாம் என்று போனை எடுத்தால், அதில் முன்பே திறந்து வைத்திருந்த கேமரா வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் பகீரென்றது. விதியை மாற்றினாலும் ஏற்கெனவே உருவான தொடர்புகள் அப்படியே தொடரும், புதிதாகத் தொடங்குபவைதான் புதிய விதியைச் சந்திக்கும். தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. Diagnostics மெனுவில் States பக்கத்துக்குப் போய் தொடர்புகளை மொத்தமாக ரீசெட் செய்தேன். வீடியோ உறைந்தது. லாகின் பக்கமும் திறக்கவில்லை. 3306 திறக்கவில்லை.

அந்த ரீசெட்டில் அக்காவின் மென்பொருளும் அறுந்துவிட்டது. "தம்பி, சர்வர் போயிடுச்சு" என்று உள்ளிருந்து குரல். மூடிவிட்டுத் திரும்பத் திறக்கச் சொன்னேன். பயர்வால் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தேன். "Accounts DB" வரிசையில் `0/0 B` போய் `1/38 KiB` என்று வந்திருந்தது.